நாளை லீவு, நாளை லீவு, நாளை லீவு: கோத்தகிரிக் கடை பாட் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

"என்னப்பா ஆச்சு? சுருக்கமா சொல்லு."

கோத்தகிரி பஜாரில் டீத்தூள், ஹோம்மேட் சாக்லேட், நீலகிரித் தைலம் விற்கும் ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் பாட் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். ஹெத்தையம்மன் பண்டிகைக்காகக் கடை ஒரு நாள் மூடியது, மறுநாள் மதியம் திறந்தது. அதோடு முடிய வேண்டிய கதை. பாட் மட்டும் அந்த வாரம் முழுக்க, கேட்டவர்களிடமெல்லாம் நாளை லீவு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சரி செய்தேன், மறுபடியும் சொன்னது. கடைக்கார அண்ணனிடம் "முடிஞ்சதுங்ண்ணா" என்று ஐந்து முறை சொல்லியிருக்கிறேன். ஐந்தாவதுதான் உண்மை.

பக்கத்துக் கடைக்காரர்கள், கூடப் படித்தவர்கள், என் அம்மா என்று ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"தப்புன்னு முதல்ல யாருக்குத் தெரிஞ்சது? உனக்கா?"

எனக்கு எங்கே தெரிந்தது? ஒரு டெம்போ டிராவலர் டிரைவருக்குத்தான்.

பண்டிகை திங்கட்கிழமை. செவ்வாய் மதியம் 2 மணிக்குக் கடை திறந்தாகிவிட்டது. புதன்கிழமை வழக்கம்போல காலை 9 மணி முதல் இரவு 8 வரை. புதன் இரவு அந்த டிரைவர், "நாளைக்குக் காலைல 10 மணிக்கு வந்தா கடை இருக்குமா" என்று கேட்டிருக்கிறார். நாளை லீவு என்று பதில் போயிருக்கிறது. அவர் வியாழக்கிழமை ஈரோட்டுக்காரர்கள் 14 பேரை ஏற்றிக்கொண்டு குன்னூர் பக்கமாகப் போய், அங்கே ஒரு கடையில் நிறுத்தி, அவர்கள் டீத்தூளும் சாக்லேட்டும் பைநிறைய வாங்கி முடித்த பிறகு கோத்தகிரி வழியாகக் கீழே இறங்கினார். பஜாரில் பார்த்தால் நம் கடை ஷட்டர் முழுசாகத் தூக்கியிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே வந்தார். "லீவுன்னு சொல்லிட்டுத் திறந்து வெச்சிருக்கீங்களேண்ணா, நான் என்னங்க பண்ணட்டும்?"

அண்ணன் அப்போதுதான் போனை எடுத்து எனக்குப் போட்டார். திட்டவில்லை. "தம்பி, நீ ஒரு எட்டு கடைக்கு வந்துட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"பண்டிகை லீவை பாட்டுக்கு யார் சொன்னது? காலண்டர்ல இருந்து அதுவா எடுத்துக்கலையா?"

தீபாவளி, பொங்கல் என்றால் எந்தக் காலண்டரிலும் கிடைக்கும். ஹெத்தையம்மன் பண்டிகை படுகர் மக்களின் பண்டிகை. மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும். அது நீலகிரிக்கு மட்டும்தான், நாட்டு விடுமுறைப் பட்டியல்களில் தேடினால் அகப்படாது. அண்ணன் குடும்பம் வெள்ளை உடுத்திக்கொண்டு பேரகணி கோவிலுக்குப் போகும் குடும்பம். அவர் என்றைக்கு மூடுகிறார், மறுநாள் எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்பது அவருக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

அதனால்தான் நான் ஒரு ஷீட் கொடுத்திருந்தேன். என்ன வேண்டுமானாலும் அதில் ஒரு வரி எழுதினால் போதும், பாட் படித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தேன். பெருமையாக வேறு சொன்னேன். ஞாயிறு இரவு 8 மணிக்கு அவர் எழுதியது இதுதான்:

"பண்டிகைக்காக நாளை கடை லீவு. மறுநாள் மதியம் 2 மணிக்குத்தான் திறப்போம்."

மனிதருக்கு மனிதர் எழுதினால் இதில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு இரவு படிக்கிறவருக்கு எல்லாம் விளங்கும். ஆனால் தேதி இல்லை. புதன்கிழமை படித்தால் அதன் "நாளை" வியாழன். வியாழக்கிழமை படித்தால் வெள்ளி. "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று கல்லாவுக்கு மேலே பலகை மாட்டுவார்கள் இல்லையா? அதே கணக்கு. அந்தப் பலகையில் நாளை வராமல் இருப்பது கடைக்காரருக்கு லாபம். எங்கள் கதையில் தலைகீழ்.

"அதுக்கு இன்னைக்கு என்ன தேதின்னே தெரியாதா?" (அம்மா)

தெரியாதும்மா. பதில் எழுதும் மொழி மாடலுக்குள்ளே கடிகாரம் கிடையாது. நாம் ஒவ்வொரு முறையும் கேள்வியோடு சேர்த்து, இன்று இன்ன தேதி, இன்ன கிழமை என்று எழுதி அனுப்பினால்தான் தெரியும். நான் அனுப்பவில்லை. கேட்பவர்கள் டீத்தூள் விலையும் கூரியர் செலவும்தானே கேட்கப் போகிறார்கள், தேதி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

தேதியைச் சொல்லியிருந்தாலும் பாதிதான் பலன். இன்று வியாழன் என்று அதற்குத் தெரியும், அறிவிப்பு எப்போது எழுதியது என்று தெரியாது. அப்போதும் "நாளை" என்றால் வெள்ளி என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு தேதியும் வேண்டும்: கேட்கிற நாளும், எழுதிய நாளும்.

"சரி, அந்த வரியை அழிச்சிருந்தா முடிஞ்சிருக்குமே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு முன்னாலேயே, வியாழன் சாயங்காலம், இன்னும் அவசரமான ஒரு வேலை செய்தேன். பாட்டுக்குக் கொடுத்திருந்த பொது உத்தரவில் ஒரு வரி சேர்த்தேன்: பண்டிகை முடிந்துவிட்டது, பழைய லீவு அறிவிப்பைச் சொல்லாதே. அதன் பிறகு, கிரீன் டீ கால் கிலோ என்ன விலை என்று கேட்டவருக்கும் பண்டிகை முடிந்துவிட்டது என்ற செய்தி போனது. தைலம் இருக்கிறதா என்று கேட்டவருக்கும் போனது. ஒன்றைச் சொல்லாதே என்று எழுதி வைத்தால் அதையே நினைவூட்டியதுபோல் ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஷீட்டில் இருந்த அறிவிப்பை அழித்தேன். இரவு 2 மணிக்கு ஷீட்டைப் படித்துப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் தானாக ஓடும். காலையில் சரியாகிவிடும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஒருவர் கேட்கிறார். நாளை லீவு.

"ஷீட்லயே இல்லாததை அது எங்கிருந்து எடுத்துச்சு?"

இந்த இடம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது.

பாட் ஷீட்டை நேரடியாகப் படிப்பதில்லை. ஷீட்டின் ஒவ்வொரு வரியையும் ஸ்கிரிப்ட் எடுத்து, அதன் பொருளைக் குறிக்கும் நீண்ட எண் வரிசையாக மாற்றி, வெக்டார் தரவுத்தளம் என்ற தனி இடத்தில் வைக்கிறது. வாடிக்கையாளர் கேள்வி வந்ததும் அதையும் அதேபோல் எண்ணாக்கி, எந்த வரிகள் கேள்விக்கு மிக அருகில் இருக்கின்றன என்று பார்த்து மூன்றை உருவுகிறது. அந்த மூன்றைப் படித்துத்தான் மாடல் பதில் எழுதுகிறது. ஆக ஷீட் ஒரு இடம், பாட் தேடுகிற கிடங்கு வேறு இடம்.

என் ஸ்கிரிப்ட் ஷீட்டில் இருக்கிற வரிகளைக் கிடங்கில் சேர்த்தது. ஷீட்டில் இல்லாமல் போன வரியைக் கிடங்கிலிருந்து எடுக்கவே இல்லை. எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அவ்வளவுதான். அதிலும் ஒவ்வொரு வரிக்கும் அதன் எழுத்துகளை வைத்தே அடையாள எண் போட்டிருந்தேன். எனவே ஒரு வரியில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் புது வரி ஒன்று உள்ளே போகும், பழையது அப்படியே கிடக்கும். சனிக்கிழமை கிடங்கைத் திறந்து ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஷீட்டில் இல்லாத வரிகள் 11. மழைக்காலத்துக் கூரியர் தாமதம், எப்போதோ தீர்ந்துபோன ஒரு சாக்லேட் வகை, தீபாவளி நேரம், பழைய விலை இரண்டு. அக்கா கடை வாசலில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறார். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அன்றைய விஷயத்தை எழுதுவார். நான் கணினியில் துணி வைக்க மறந்துவிட்டேன்.

இப்படிக் கண்டுபிடிக்க ஒரே வழி, மாடல் என்ன பதில் சொன்னது என்பதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் கையில் எந்த வரிகள் கொடுக்கப்பட்டன என்று பார்ப்பது. ஒவ்வொரு கேள்விக்கும் உருவிய மூன்று வரிகளையும் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். முதல் வரியே அந்த அறிவிப்பு. வியாழன் இரவே இதைச் செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

"வழக்கமான நேரமும் ஷீட்ல இருந்துதே. அது ஏன் மேலே வரல?"

இருந்தது, மூன்றாவது இடத்தில். அந்த வரியை நான்தான் எழுதினேன். கடை முகவரி, வண்டி நிறுத்தும் இடம், வேலை நேரம் காலை 9 முதல் இரவு 8, பணம் கட்டும் வழி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். வாடிக்கையாளரோ "நாளைக்குக் கடை லீவா, எப்பத் திறப்பீங்க" என்று கேட்கிறார். அறிவிப்பிலும் நாளை, கடை, லீவு, திறப்போம் என்று அதே பேச்சு. தேடல் அருகாமையைத்தான் பார்க்கும். எது உண்மை, எது காலாவதி என்று பார்க்காது. யாரோ ஆசையாகக் கேள்விக்கு ஏற்றபடி எழுதியதுபோல் அந்த அறிவிப்பு அமைந்துவிட்டது.

"தீபாவளிக்கும் இதே பாட்தானே? அப்ப ஏன் இந்தக் கூத்து நடக்கல?"

தீபாவளி அறிவிப்பை அக்கா எழுதினார். அவர் தேதி போட்டார்.

"கிடங்கையும் சுத்தம் பண்ணிட்டே. அப்புறமும் தப்பா வந்துச்சுன்னு சொன்னாங்களே?"

சனி மதியம் அந்த 11 வரிகளையும் நீக்கினேன். என் போனிலிருந்து கேட்டுப் பார்த்தேன், காலை 9 முதல் இரவு 8 என்று சரியாக வந்தது. நண்பன் போனிலும் சரி. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன், மூன்றாவது "முடிஞ்சதுங்ண்ணா". சாயங்காலம் திருப்பூரிலிருந்து மாதாமாதம் டீத்தூள் வாங்கும் ஒரு அம்மா அண்ணனுக்கே போன் செய்து, "என்னங்க, தினமும் லீவு விடறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"என் போன்ல சரியா வருதேண்ணா" என்றேன். எங்கள் தொழிலில் வெட்கமில்லாமல் சொல்லப்படும் வாக்கியம் இது. அண்ணன், "உன் போன்ல யாருப்பா டீத்தூள் வாங்கறா?" என்றார்.

விஷயம் என்னவென்றால், பேச்சு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக அதே வாடிக்கையாளரின் கடைசி 20 செய்திகளையும் ஒவ்வொரு முறையும் மாடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். திருப்பூர் அம்மா புதன்கிழமையே ஒருமுறை கேட்டிருந்தார். நாளை லீவு என்ற அன்றைய பதில் அந்த 20-க்குள் இருந்தது. மாடலுக்கு அது தன் வாயால் சொன்ன சொல். கிடங்கிலிருந்து சரியான நேரம் வந்தாலும், முன்பு சொன்னதை ஒட்டியே பேசப் பார்த்தது. சோதிப்பதற்காக நான் என் உரையாடலை அழித்து அழித்துத் தொடங்கியதால் எனக்கு இது தெரியவே இல்லை. புதிதாகக் கேட்டவர்களுக்குச் சரியான பதிலும், அந்த வாரம் ஒருமுறை தப்புப் பதில் வாங்கியவர்களுக்குத் தொடர்ந்து தப்புப் பதிலும் போயிருக்கிறது. அதாவது கடைக்கு அடிக்கடி வருகிறவர்கள் யாரோ, அவர்களுக்கு மட்டும்.

இப்படி ஒரு சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. ஒரே கேள்வியை ஒரு புது எண்ணிலிருந்தும், முன்பு ஏமாந்த ஒரு எண்ணிலிருந்தும் கேட்க வேண்டும். பதில் மாறினால் குற்றம் பழைய பேச்சில் இருக்கிறது.

"கடைசியா என்னதான் பண்ணினே?"

கடை நேரத்தை மாடலிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

நேரம் என்பது தேடிக் கண்டுபிடிக்கிற விஷயமே இல்லை, கணக்குப் போடுகிற விஷயம். ஷீட்டில் தனியாக ஒரு பக்கம் போட்டேன். மூன்றே கட்டம்: எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை, அந்த நாட்களில் நேரம் என்ன. அதில் இல்லாத நாளெல்லாம் வழக்கமான நாள்.

```python
def neram(naal):
    for r in sirappu_naatkal:
        if r["from"] <= naal <= r["to"]:
            return r["hours"]
    return "09:00-20:00"
```

ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் நிரல் இன்று தொடங்கி ஏழு நாளுக்கு இதை ஓட்டி, ஒரு சின்னப் பட்டியல் தயாரிக்கிறது. இன்று வியாழன், 9 முதல் 8. நாளை வெள்ளி, 9 முதல் 8. இப்படி ஏழு வரி. அதைத்தான் மாடலிடம் கொடுக்கிறோம். "நாளை", "வர்ற ஞாயிறு" என்பதற்கு அது தேதி கணக்குப் போட வேண்டியதில்லை, பட்டியலில் பார்த்து நல்ல தமிழில் சொன்னால் போதும். ஏழு நாளுக்கு அப்பால் யாராவது கேட்டால் கடை எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்கிறது. பழைய பேச்சும் 6 மணி நேரத்துக்கு மேல் போனால் சேர்த்து அனுப்புவதில்லை.

"வரை" என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியை நிரல் ஏற்றுக்கொள்ளாது. அண்ணனுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் கையில் தேதி முத்திரை இருந்தது, கால் கிலோ பாக்கெட்டுகளுக்குக் குத்திக்கொண்டிருந்தார். "ஓ, அறிவிப்புக்கும் எக்ஸ்பைரி குத்தணும்னு சொல்றே" என்றார். நான் அரை மணி நேரம் படம் வரைந்து விளக்கத் தயாராக வந்திருந்தேன்.

"அப்ப வெக்டார் தேடலே வேண்டாம்னு சொல்றியா?" (கூடப் படித்தவன்)

இல்லடா. பிளாக் டீக்கும் கிரீன் டீக்கும் என்ன வித்தியாசம், சாக்லேட் கோவை வெயிலில் உருகாமல் போய்ச் சேருமா என்ற கேள்விகளுக்கு அதுவேதான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. நாளுக்கு நாள் மாறுகிற நேரம், விலை, இருப்பு மூன்றை மட்டும் அதிலிருந்து பிரித்துவிட்டேன். ஸ்கிரிப்டும் இப்போது ஷீட்டில் இல்லாததை நீக்கிவிட்டுத்தான் புதியதைச் சேர்க்கிறது.

"பொங்கலன்னைக்கு மறுபடி சொதப்புச்சாமே?"

இதைக் கேட்காமல் விடுவீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு ஒரு நாள் முழு லீவு. கட்டங்களில் சரியாக எழுதியிருந்தோம், முதல் நாளே சோதித்தும் பார்த்தோம். பொங்கலன்று காலை 10 மணிக்கு பைக்கில் இரண்டு பேர் வந்து மூடிய ஷட்டரைத் தட்டியிருக்கிறார்கள். வீடு கடைக்கு மேலேதான். அக்கா இறங்கி வந்து கேட்டதற்குப் போனைக் காட்டினார்களாம். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டே "இன்னைக்குக் கடை உண்டுங்களா" என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு, 9 முதல் 8 என்று பதில். அக்கா அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, ஷட்டரைப் பாதி தூக்கி, வேண்டியதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதன் பிறகுதான் எனக்கு போன் வந்தது. எங்கள் வீட்டில் அப்போதுதான் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

பதிவேட்டைப் பார்த்தால், பொங்கலன்று காலையில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. முந்தைய நாள் இரவு 23:40-க்கு ஒன்று இருந்தது. இரவு 11:40-க்கு மேட்டுப்பாளையத்தில் நின்று யார் டீ குடிப்பார்கள் என்று கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு உறைத்தது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். அங்கே 23:40 என்றால் இங்கே விடிகாலை 5:10. நமக்குப் பொங்கல் பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியும் சர்வருக்கு இன்னும் போகி. போகியன்று கடை உண்டு. அதன் கணக்கில் அது சொன்னது சரிதான்.

நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை கேட்கிற எல்லாருக்கும் பாட் இப்படி நேற்றில் இருந்துகொண்டுதான் பதில் சொல்லியிருக்கிறது. வழக்கமான நாட்களில் நேற்றும் இன்றும் ஒரே நேரம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. நான் சோதித்ததெல்லாம் பகலில். ஆனால் மலை ஏறுகிறவர்கள் கிளம்புவதே விடியலுக்கு முன்னால்தான். திருத்தம் ஒற்றை வரி:

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

indru = datetime.now(ZoneInfo("Asia/Kolkata")).date()
```

இப்போது சோதிக்கும்போது கடிகாரத்தை நானே நிறுத்தி, லீவுக்கு முந்தைய இரவு 11:59, 12:01, காலை 5:29, 5:31 என்று நான்கு நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். நான்கும் சரியாக வந்தால்தான் அண்ணனிடம் வாயைத் திறப்பது.

"தப்பாப் பதில் வாங்கினவங்களுக்கு என்ன சொன்னீங்க?"

அந்த வாரத்தில் அப்படி 37 பேர். பாட் வழியாகவே மன்னிப்பு அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் பாட் வழியாக எழுதும் வணிகக் கணக்குக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரத்துக்குள் என்றால் நம் இஷ்டத்துக்குப் பதில் எழுதலாம். அது தாண்டிவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய செய்தி வடிவத்தை மட்டும்தான் அனுப்ப முடியும். எங்களிடம் ஒப்புதல் வாங்கியிருந்த ஒரே வடிவம் கூரியர் அனுப்பியாகிவிட்டது என்பது. அதை அனுப்பினால் இன்னொரு கூத்து. 24 மணி நேரத்துக்குள் இருந்தவர்கள் 9 பேர், அவர்களுக்கு எழுதினேன். மீதி 28 பேரின் எண்களை ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் நீட்டினேன். ஞாயிறு மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், வரிசையாக அவரே அழைத்துப் பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேசி முடித்த எண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்குக் கோபமே இல்லை, கோத்தகிரியில் குளிர் எப்படி என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு கிலோ டீத்தூள் ஆர்டர் கொடுத்தார்.

"இனிமே தப்பே வராதா?"

வரும். மண்சரிவு என்று ரோட்டை அடைத்தால், மூடுபனியில் ஆள் வராமல் 6 மணிக்கே ஷட்டரை இறக்கினால், யாராவது கட்டத்தில் எழுதினால்தான் பாட்டுக்குத் தெரியும். அந்த நேரத்தில் யார் ஷீட்டைத் திறப்பார்கள்? அதற்காக அண்ணன் தன் போனிலிருந்து "லீவு 15" என்றோ "இன்று 6 வரை" என்றோ அனுப்பினால் போதும் என்று செய்திருக்கிறேன். நிரல் அதைத் தேதியும் கிழமையுமாக விரித்து அவருக்கே திருப்பி அனுப்பும். அவர் ஆமாம் என்றால்தான் கட்டத்தில் ஏறும். போன வாரம் "15" என்று போட நினைத்து "16" போட்டுவிட்டு, கிழமையைப் பார்த்ததும் அவரே திருத்திக்கொண்டார். ஆனால் கை ஈரமாக இருந்தால் அவர் அதையும் செய்வதில்லை. அக்காவின் சிலேட்டு இன்னமும் வாசலில் இருக்கிறது.

"அந்த டெம்போ டிரைவர் திரும்ப வந்தாரா?"

பொங்கல் கழிந்த ஞாயிறு, 12 பேரோடு வந்தார். இப்போ பாட் சரியாகச் சொல்கிறதாண்ணா என்று ஆவலாகக் கேட்டேன். "எனக்கெங்க தெரியும்? மேட்டுப்பாளையத்துலயே அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வண்டியை எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி டம்ளரில் இருந்த டீயை ஊதி ஊதிக் குடித்தார்.